ரேக்கில் 360, பில்லில் 387: கடைக்கு எழுதும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

தேன்மொழி_குன்னூர்

குன்னூரில் நாங்கள் மாதச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் நல்லெண்ணெய் 1 லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்தேன். ரேக் விளிம்பில் செருகியிருந்த விலைச் சீட்டில் எம்.ஆர்.பி. 400, நம்ம விலை 360 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பில்லில் பாட்டிலுக்கு 387 போட்டு, இரண்டுக்கும் சேர்த்து 774 வாங்கிவிட்டார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் பில்லைப் பார்த்தேன். உடனே திரும்பிப் போய் ரேக்கைப் படம் எடுத்துக்கொண்டு கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த பெண், "சிஸ்டம்ல வர்றதுதான்க்கா விலை, ரேக்ல சீட்டு மாத்தாம விட்டிருப்பாங்க, எப்படியும் எம்.ஆர்.பி.க்குக் கீழதானே போட்டிருக்கோம்" என்று சொன்னாள். மேனேஜர் இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

அங்கே நின்று அவசரமாக எழுத விருப்பமில்லை. நிதானமாக எழுதிக் கொடுக்கலாம் என்று வந்துவிட்டேன். நான் எழுதியது இது:

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் உங்கள் கடையின் நீண்ட நாள் வாடிக்கையாளர். உங்கள் கடையில் நல்லெண்ணெய் ரேக்கில் 360 ரூபாய் என்று விலை ஒட்டிவிட்டு, பில்லில் 387 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு பாட்டிலுக்கு 54 ரூபாய் அதிகம். விலையைப் பார்த்துத்தான் பொருளை எடுக்கிறோம். ஒட்டிய விலை ஒன்று, வாங்கும் விலை ஒன்று என்றால் ஒட்டுவது எதற்கு? என் பணத்தைத் திருப்பித் தரவும். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளவும்."

இது போதுமா? இப்படி எழுதினால் "சரிம்மா, பார்க்கிறோம்" என்று சொல்லி ஃபைலில் போட்டுவிடுவார்களோ என்று தோன்றுகிறது. 54 ரூபாய் எனக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த ரேக்கிலிருந்து எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களும்தான் எடுக்கிறார்கள். அவர்கள் பில்லைத் திருப்பிப் பார்ப்பார்களா? அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன்.

கோத்தகிரி_போஜன்

அக்கா, எம்.ஆர்.பி.க்கு மேலே விற்றால் அது நேரடியாகக் குற்றம், விடவே விடாதீர்கள். போன மாதம் ஒரு வியூ பாயின்ட் பக்கத்தில் 20 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை 30க்குக் கொடுத்தான், கேட்டால் மேலே ஏற்றுக்கூலி என்கிறான். நான் படம் எடுத்து நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போட்டேன். நம்பர் வந்தது, அப்புறம் ஒரு போன் வந்தது, ஆனால் அந்தக் கடைக்காரர் பில்லே கொடுக்காததால் அங்கேயே நிற்கிறது. உங்களிடம் பில் இருக்கிறது, நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள்.

தேன்மொழி_குன்னூர்

தம்பி, என் விஷயம் அது இல்லை. சீட்டில் எம்.ஆர்.பி. 400. என்னிடம் வாங்கியது 387. எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லை. ரேக்கில் சொன்ன விலையைத்தான் தாண்டியிருக்கிறார்கள்.

சேரிங்கிராஸ்_சிவா

ரேக்கில் என்ன விலை ஒட்டியிருக்கிறதோ அந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், இது சட்டம். கடிதமெல்லாம் எதற்கு? நேராகத் தொழிலாளர் துறை அதிகாரிக்குப் போன் போடுங்கள், எடையளவுச் சட்டத்தில் அவர்கள் வந்து கடைக்கு அபராதம் போடுவார்கள். ஊட்டியில் ஒரு கடையில் எனக்கு இதே மாதிரி நடந்தபோது சட்டம் என்று சொன்னதும் உடனே ரேக் விலைக்கே பில்லை மாற்றிக் கொடுத்தார்கள். பயமுறுத்தினால்தான் நடக்கும்.

பழைய_ஸ்டோர்_இன்சார்ஜ்

நான் கோவையிலும் பிறகு மேட்டுப்பாளையத்திலும் சூப்பர் மார்க்கெட்டில் விலை ஏற்றும் பிரிவில்தான் பல வருடம் இருந்தேன். இப்போது கடை வேலை இல்லை, குன்னூரில் வீட்டோடு இருக்கிறேன். உங்கள் எண்களைப் பார்த்ததும் ஒன்று புரிகிறது. 400இல் பத்து சதவீதம் போனால் 360. 387 எங்கிருந்து வந்தது? 430இல் பத்து சதவீதம் போனால் சரியாக 387. அப்படியென்றால் தள்ளுபடியை யாரும் எடுத்துவிடவில்லை, பத்து சதவீதம் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் உங்கள் பாட்டிலை 430 எம்.ஆர்.பி. சரக்கு என்று நினைத்துப் பில் போட்டிருக்கிறது.

எண்ணெய் விலை அடிக்கடி ஏறி இறங்கும். கம்பெனி எம்.ஆர்.பி.யை மாற்றும், ஆனால் பாட்டிலில் இருக்கும் 890 என்று ஆரம்பிக்கிற பார்கோடு மாறாது. ஆகவே ஸ்கேனருக்குப் பழைய பாட்டிலும் புது பாட்டிலும் ஒன்றுதான். கடை சாஃப்ட்வேரில் ஒரே பார்கோடுக்குக் கீழே 400 ஒரு லாட், 430 ஒரு லாட் என்று தனித்தனியாக இருக்கும். ஸ்கேன் செய்ததும் திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்து எந்த எம்.ஆர்.பி. என்று கேட்கும். பெரும்பாலும் கடைசியாக வந்த சரக்குதான் மேலே நிற்கும். வரிசை நீளமாக இருக்கும்போது பாட்டிலைத் திருப்பி எம்.ஆர்.பி. பார்க்காமல் எண்டரைத் தட்டினால் புது விலை விழுந்துவிடும். சில கடைகளில் அந்தப் பெட்டியே வராதபடி வைத்திருப்பார்கள், கடைசியாக உள்ளே வந்த விலைதான் எல்லாவற்றுக்கும் விழும். அது இன்னும் மோசம்.

மலையில் இது கீழே இருப்பதை விட அதிகம் நடக்கும் என்பது என் அனுபவம். விலைப் பட்டியல் தலைமை ஆபீஸிலிருந்து இரவோடு இரவாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ரேக்கில் இருக்கும் பழைய சரக்கு தீர, கீழே இருக்கும் கடையை விட இங்கே நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டு எம்.ஆர்.பி.யும் ஒரே ரேக்கில் கலந்து நிற்கும்.

எனவே எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் பாருங்கள். இரண்டு பாட்டிலையும் எடுத்து மூடியிலோ கழுத்திலோ அடித்திருக்கும் எம்.ஆர்.பி.யைப் படியுங்கள், அங்கே மசி லேசாகத்தான் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பில்லில் எம்.ஆர்.பி. என்று தனிப் பத்தி இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் எடுத்த படத்தில் விலைச் சீட்டின் கீழ் வரியில் பொடி எழுத்தில் ஒரு கோடு எண்ணும் அச்சடித்த தேதியும் இருக்கும். அந்த எண்ணும் பில்லில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் 1515 என்று ஆரம்பிப்பது வரிக்கான எச்.எஸ்.என். எண், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேன்மொழி_குன்னூர்

அண்ணா, பார்த்துவிட்டேன். பில்லில் எம்.ஆர்.பி. பத்தி இருக்கிறது, அதில் 430 என்றுதான் இருக்கிறது. அளவு 2, விலை 387, தொகை 774. சீட்டில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றேதான்.

ஆனால் பாட்டில்கள் இரண்டும் ஒன்றில்லை. ஒரு பாட்டிலின் கழுத்தில் 400, இன்னொன்றில் 430. தயாரித்த மாதமும் வேறு. வெளித்தோற்றம் ஒரே மாதிரி, லேபிள் ஒரே மாதிரி. ரேக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன, சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கவுண்டரில் அந்தப் பெண் ஒரு பாட்டிலை மட்டும் ஸ்கேன் செய்து அளவில் 2 என்று தட்டினாள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்று. பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது" என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். எண்ணெய்க்கு மட்டும் கணக்குப் போட்டால் பாட்டிலுக்கு 43 வீதம் 86 ரூபாய் அதில் சேர்ந்திருக்கிறது. 400 ரூபாய் பாட்டிலை 387க்கு வாங்கியதில் நான் சேமித்தது 13 ரூபாய்தான். இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் அதிகமானது.

அரவங்காடு_மளிகை

நான் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறவன், பெரிய கடைக்காரர்களுக்காகப் பேசவில்லை. ஆனால் அந்தக் கவுண்டர் பெண்ணின் நிலையையும் கொஞ்சம் பாருங்கள். ஒன்றை ஸ்கேன் செய்து அளவு போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது, ஒவ்வொன்றாக அடித்தால் வரிசையில் நிற்கிறவர்களே சத்தம் போடுகிறார்கள். சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்றால் பாவம். உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாதீர்கள் அக்கா.

அப்புறம் 430 பாட்டிலுக்கு 387 சரியான விலைதான். ஆகவே உங்களுக்கு வர வேண்டியது 27 ரூபாய், 54 இல்லை. 54 கேட்டால் அவர்கள் இரண்டாவது பாட்டிலைக் காட்டி உங்கள் பேச்சையே தள்ளிவிடுவார்கள்.

சேரிங்கிராஸ்_சிவா

அதெப்படி 27? ரேக்கில் ஒரே சீட்டு. அதில் 360. இரண்டு பாட்டிலும் அந்தச் சீட்டுக்கு மேலேதான் நின்றன. வாடிக்கையாளர் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்தையும் விளக்கு வைத்தா பார்ப்பார்? 54 கேளுங்கள். நான் சொன்ன மாதிரி ரேக் விலைதான் சட்டப்படி விலை.

பழைய_ஸ்டோர்_இன்சார்ஜ்

சிவா சார், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டம் அவ்வளவு நேராக இல்லை. எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் வருடப் பொட்டலப் பொருட்கள் விதிகளில் 18ஆவது விதி, பொட்டலத்தில் அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கிறது. நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ஆனால் 400 ரூபாய் பாட்டிலை 387க்கு விற்றது அந்த விதிக்குள் வராது. ஆய்வாளர் வந்தாலும் முதலில் பாட்டிலைத்தான் பார்ப்பார், 387 அதற்குக் கீழே இருக்கிறது. இதே பாட்டில் 370 எம்.ஆர்.பி. ஆக இருந்திருந்தால் அப்போது கதை வேறு, அன்றைக்கே போன் போடலாம். இந்தத் தப்பு நடக்கிற கடையில் அதுவும் நடக்க வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் காரணம் ஒன்றுதான். தள்ளுபடி குறைவான பொருளில் லாட் மாறிப்போனால் எம்.ஆர்.பி.யையே தாண்டிவிடும். உதாரணமாக இதே எண்ணெய்க்குத் தள்ளுபடி ஐந்து சதவீதம்தான் என்றால் 430க்கு 408.50 விழும், 400 பாட்டிலுக்கு அது எம்.ஆர்.பி.க்கு மேல். கடிதத்தில் இதை ஒரு வரி எழுதினால் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார்.

ரேக் விலை வருவது நுகர்வோர் சட்டத்தில். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எதெதற்குப் புகார் கொடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில், பொட்டலத்தில் காட்டிய விலை, சட்டப்படி வைக்க வேண்டிய விலைப்பட்டியலில் காட்டிய விலை, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விலை இவற்றுக்கு மேல் வாங்கியதும் வருகிறது. ரேக் சீட்டை இதில் எதில் சேர்ப்பது என்பது வாதம் செய்ய வேண்டிய விஷயம். விலையைக் காட்டி எடுக்க வைத்துவிட்டுக் கூடுதலாக வாங்குவது முறையற்ற வணிகம் என்றும் வாதிடலாம். ஆனால் "ரேக் விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்" என்று ஒரு வரியில் சொல்லும் சட்டம் கிடையாது. பில் போடுவதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துக் கேட்டால், அந்த விலைக்குத் தரமாட்டேன், வேண்டாமென்றால் வைத்துவிட்டுப் போங்கள் என்று கடைக்காரர் சொல்ல முடியும். பணம் வாங்கிய பிறகு நிலைமை அவருக்கு அவ்வளவு சாதகமில்லை. உங்களுக்கு ஊட்டியில் மாற்றிக் கொடுத்தது நல்ல கடை என்பதால்.

27ஆ 54ஆ என்பதில் எனக்கும் இரண்டு மனம். சீட்டில் எம்.ஆர்.பி. 400 என்றும் போட்டிருக்கிறார்கள், அதனால் 430 பாட்டிலுக்கு அது பொருந்தாது என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் இரண்டு எம்.ஆர்.பி. சரக்கை ஒரே ரேக்கில் வைத்தால் இரண்டு சீட்டு வைக்க வேண்டியது கடையின் வேலை. நாங்கள் இருந்த காலத்தில் பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால், நடுவில் அட்டை, இரண்டு சீட்டு என்றுதான் வைப்போம்.

வெலிங்டன்_லீலா

எனக்கும் இப்படித்தான் ஆயிற்று, ஆனால் காய்கறியில். கேரட்டுக்குப் பலகையில் எழுதியிருந்த விலையை விடக் கிலோவுக்கு 14 ரூபாய் கூடுதலாகத் தராசுச் சீட்டில் வந்தது. தராசுக்காரப் பையன் ஏதோ நம்பர் தட்டினான். வயதானவள் என்பதால் கவனிக்கமாட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, வருத்தமாக இருந்தது. இதற்கும் எம்.ஆர்.பி. உண்டா?

பழைய_ஸ்டோர்_இன்சார்ஜ்

உதிரிக் காய்கறிக்கு எம்.ஆர்.பி. இல்லைம்மா. அவன் தட்டிய நம்பர் பொருளின் எண். கழுவிய கேரட், கழுவாத கேரட் என்று இரண்டு எண் இருக்கும், ஒரு இலக்கம் மாறினால் விலை மாறிவிடும். சீட்டில் காயின் பெயர் அச்சாகும், பைக்குள் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். வேண்டுமென்றே செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெலிங்டன்_லீலா

பை பக்கத்தில்தான் இருக்கிறது, சீட்டில் கழுவிய கேரட் என்று இருக்கிறது. மண்ணோடு இருந்ததைத்தான் எடுத்தேன். சரி, நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

பழைய_ஸ்டோர்_இன்சார்ஜ்

தேன்மொழிம்மா, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இப்போது இருக்கும் கடிதத்தைப் படிக்கிற மேனேஜர், "சீட்டு மாற்ற மறந்துவிட்டார்கள்" என்று முடிவு செய்து, ஒரு பையனை அனுப்பி 360 சீட்டை எடுத்துவிட்டு 387 சீட்டைச் செருகச் சொல்வார். அவருக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் 400 ரூபாய் பாட்டில் எடுக்கும் எல்லோரிடமும் 387 வாங்கிக்கொண்டேதான் இருப்பார்கள், இப்போது சீட்டும் அதற்கு ஒத்துப்போகும், யாருக்கும் சந்தேகமே வராது. தப்பு சீட்டில் இல்லை, பில்லில் என்று கடிதம் சொல்ல வேண்டும். அதற்குச் சான்று உங்கள் கையில் இருக்கும் 400 பாட்டிலும், அதே பாட்டிலுக்கு 430 என்று அச்சான பில்லும்தான். அந்தப் பாட்டிலை உடைத்து ஊற்றிவிடாதீர்கள், சீல் பிரிக்காமல் கழுத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம் மேனேஜருக்கு உறைக்கும். கம்ப்யூட்டர் கணக்கில் 430 லாட்டிலிருந்து இரண்டு பாட்டில் போயிருக்கிறது, நிஜத்தில் போனது ஒன்றுதான். 400 லாட்டில் ஒன்று போயிருக்கிறது, கணக்கில் போகவில்லை. இப்படியே நடந்தால் ஸ்டாக் எடுக்கும்போது 430 சரக்கு ரேக்கில் கூடுதலாக நிற்கும், 400 சரக்கு குறையும். அதைப் பார்த்தாலே எத்தனை பேரிடம் கூடுதலாக வாங்கினார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். நீங்கள் அதைக் கேட்கலாம்.

பில்லை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அது சூட்டில் அச்சாகும் காகிதம், பர்ஸில் வைத்திருந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். புகார் கொடுக்க இரண்டு வருட காலம் இருக்கிறது, ஆனால் வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தேன்மொழி_குன்னூர்

மாற்றி எழுதியிருக்கிறேன். பில் எண்ணும் நேரமும் கடிதத்தில் இருக்கிறது, இங்கே எடுத்துவிட்டேன்.

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடையில் நல்லெண்ணெய் 1 லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினேன். ஒன்றில் எம்.ஆர்.பி. 400, மற்றதில் 430 என்று அச்சாகியிருக்கிறது. பில்லில் இரண்டுக்கும் எம்.ஆர்.பி. 430 என்று போட்டு, பாட்டிலுக்கு 387 வாங்கியிருக்கிறீர்கள். 400 ரூபாய் பாட்டிலுக்கு உங்கள் ரேக் சீட்டின்படி விலை 360. பாட்டில், பில், ரேக் சீட்டு மூன்றின் படங்களும் இணைத்துள்ளேன். சீட்டில் உள்ள பொருள் எண்ணும் பில்லில் உள்ள பொருள் எண்ணும் ஒன்றே.

சீட்டு பழையதாக இருந்ததால் வந்த தவறு என்று கவுண்டரில் சொன்னார்கள். 400 ரூபாய் சரக்கு ரேக்கில் இருக்கும் வரை அந்தச் சீட்டு சரியானதுதான். பில் போடும் இடத்தில் பாட்டிலின் எம்.ஆர்.பி.யைப் பார்க்காமல் புது விலை விழுவதுதான் தவறு. இந்தத் தவறு தள்ளுபடி குறைந்த பொருளில் நடந்தால் எம்.ஆர்.பி.க்கு மேலேயே வாங்கியதாகிவிடும்.

நான் கேட்பது: 400 ரூபாய் பாட்டிலுக்கு அதிகமாக வாங்கிய 27 ரூபாயைத் திருப்பித் தரவும். 430 ரூபாய் பாட்டிலும் அதே ஒரே சீட்டுக்கு மேல்தான் இருந்தது, அதற்குத் தனிச் சீட்டு இல்லை, ஆகவே அந்த 27 ரூபாயைப் பற்றியும் உங்கள் பதிலை எழுதித் தரவும். 430 சரக்கு வந்த நாளிலிருந்து இந்த எண்ணெயின் ஸ்டாக் கணக்கைச் சரிபார்த்து, வேறு யாரிடமாவது இப்படி வாங்கியிருந்தால் அவர்களுக்கும் திருப்பித் தரவும். கவுண்டரில் இருப்பவரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. பெற்றுக்கொண்டதற்கு இதன் நகலில் கையெழுத்தும் கடை முத்திரையும் இட்டுத் தரவும்."

அரவங்காடு_மளிகை

இது நன்றாக இருக்கிறது. எனக்கே இப்படி ஒரு கடிதம் வந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 27 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். பழைய பில்லில் அந்த வரியை ரிட்டர்ன் போட்டு, 400 ஒன்று, 430 ஒன்று என்று புது பில் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர்கள் கணக்கிலும் அது தவறு என்று பதிவாகும்.

சேரிங்கிராஸ்_சிவா

கடிதம் நல்ல கடிதம்தான், ஆனால் 54ஐ விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது. "பதிலை எழுதித் தரவும்" என்றால் எழுதித் தரமாட்டார்கள், பாருங்கள்.

தேன்மொழி_குன்னூர்

கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இன்று மேனேஜர் போன் செய்து வரச் சொன்னார், போய் வந்தேன். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். 400 பாட்டிலைக் கேட்டு வாங்கி அவரே ஸ்கேன் செய்து பார்த்தார். பழைய_ஸ்டோர்_இன்சார்ஜ் அண்ணா சொன்ன பெட்டி திரையில் வரவே இல்லை, நேராக 430, 387 என்று விழுந்தது. அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்து கவுண்டரிலும் போட்டுப் பார்த்தார், அங்கேயும் அதேதான். கோவைக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினார்.

27 ரூபாயைக் கையில் நீட்டினார். ரிட்டர்ன் போட்டுப் புது பில் வேண்டும் என்றேன். கொஞ்சம் தயங்கினார், ஏனென்றால் 400 லாட்டே கம்ப்யூட்டரில் மூடப்பட்டிருந்தது, விலையைக் கையால் மாற்ற அவருக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது பில்லில் 400க்கு 360, 430க்கு 387 என்று இரண்டு வரி இருக்கிறது. ரேக்கில் மீதமிருந்த 400 பாட்டில்களைத் தனியாகப் பிரித்துக் கூடையில் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது 27 ரூபாய்க்கு எழுத்தில் பதில் இல்லை. "சீட்டில் எம்.ஆர்.பி. 400னு தெளிவா இருக்கே மேடம்" என்று வாயால் சொன்னார். மற்றவர்களுக்குத் திருப்பித் தருவதைப் பற்றிக் கேட்டதற்கு, யார் எந்தப் பாட்டில் வாங்கினார்கள் என்று எப்படித் தெரியும் என்கிறார்.

பழைய_ஸ்டோர்_இன்சார்ஜ்

லாட்டை மூடிவிட்டார்கள் என்றால் யாரோ தலைமை ஆபீஸில் பழைய சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். அது ஒரு எண்ணெயோடு நிற்காது, அன்றைக்கு விலை மாறிய எல்லாப் பொருளுக்கும் சேர்த்துத்தான் மூடுவார்கள். வேறு பொருளிலும் பாருங்கள்.

யார் எந்தப் பாட்டில் வாங்கினார்கள் என்று தெரியாது என்பது உண்மைதான். பில் 430 என்றுதான் எல்லோருக்கும் சொல்லும். ஆனால் மெம்பர் கார்டுக்குப் போன் நம்பர் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த லாட் மூடிய நாளிலிருந்து இந்த எண்ணெய் வாங்கியவர்களின் பட்டியல் கம்ப்யூட்டரில் கிடைக்கும். பாட்டிலோடு வந்தால் வித்தியாசத்தைத் தருகிறோம் என்று ஒரு மெசேஜ் அனுப்பலாம், பில் போடும் இடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டலாம். செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது.

கோத்தகிரி_போஜன்

அக்கா, அந்தக் கடையின் கிளை கோத்தகிரியிலும் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் அம்மா போன வாரம்தான் அதே நல்லெண்ணெய் வாங்கி வந்தார். எங்கே என்று கேட்டால் பெரிய கடை என்கிறார். பாட்டில் கழுத்தில் 400, பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேன்மொழி_குன்னூர்

தம்பி, கடைப் பெயரை இங்கே போடவில்லை, தனியாக மெசேஜ் அனுப்புகிறேன். பில் கிடைத்தால் எம்.ஆர்.பி. பத்தியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, இரண்டு கிளையிலும் ஒரே தவறு என்றால் அடுத்த கடிதத்தைத் தலைமை ஆபீஸுக்கே அனுப்புகிறேன். அதற்கும் பதில் வராவிட்டால் 1915, அப்புறம் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

சேரிங்கிராஸ்_சிவா

ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, அதை மறக்காதீர்கள். அந்த இரண்டாவது 27ஐயும் சேர்த்தே எழுதுங்கள். நான் இன்னும் 54 என்றுதான் சொல்வேன்.

அரவங்காடு_மளிகை

நான் 27 என்றுதான் சொல்வேன் சார். ஆனால் தலைமை ஆபீஸுக்குப் போகும் கடிதத்தில் சீட்டு ஒன்றுதான் இருந்தது என்பதைப் படத்தோடு முதல் வரியிலேயே போடுங்கள் அக்கா. இப்போது அவர்கள் பாட்டில்களைப் பிரித்து வைத்துவிட்டதால், அன்று எடுத்த அந்தப் படம்தான் சான்று.